காணாமல்போன நான்காவது வரிசை

2013-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த எஸ்க்யூலைட் 3.8.0 பதிப்பில் பகுதி இண்டெக்ஸ் என்ற வசதி முதன்முதலாகச் சேர்ந்தது. கூடவே ஒரு பிழையும் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. எஸ்க்யூலைட் சாதாரணமான மென்பொருள் இல்லை. உங்கள் கைப்பேசியில் தொடர்புகளையும் குறுஞ்செய்திகளையும் சேமித்து வைப்பது பெரும்பாலும் அதுதான். அதைப் பராமரிக்கும் சிறு குழு, சோதனை விஷயத்தில் விடாக்கண்டர்கள் என்று பெயர் வாங்கியது. நிரலின் ஒவ்வொரு கிளையும் சோதனையில் ஒருமுறையாவது ஓடியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி. அப்படியிருந்தும் இந்தப் பிழை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் அதைப் பிடித்துக் கொடுத்தவர்கள், சூரிக் நகரின் இ.டி.எச். பல்கலைக்கழகத்தில் இருந்த மானுவல் ரிக்கரும் செண்டாங் சூவும். அவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பிழையின் முழு ஆதாரமும் நான்கே வரிகளில் அடங்கிவிடுகிறது:

```sql
CREATE TABLE t0(c0);
CREATE INDEX i0 ON t0(1) WHERE c0 NOT NULL;
INSERT INTO t0(c0) VALUES (0), (1), (2), (3), (NULL);
SELECT c0 FROM t0 WHERE c0 IS NOT 1;
```

ஒரு பத்தி, ஐந்து வரிசைகள் கொண்ட அட்டவணை. அதன்மேல் ஓர் இண்டெக்ஸ். பிறகு ஒரு கேள்வி: c0-வின் மதிப்பு 1 ஆக இல்லாத வரிசைகளைக் கொடு. விடை இப்படி இருந்தது:

```
வரவேண்டியது : 0, 2, 3, NULL
வந்தது      : 0, 2, 3
```

தரவுத்தளக் குழு ஒன்றுக்கு இதைவிட நல்ல பிழை அறிக்கையை எழுதுவது கடினம் என்பது என் எண்ணம். இந்த நான்கு வரிகளில் ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே இருக்கிறது, எவையெல்லாம் ஏன் அங்கே இல்லை என்று பார்த்தால், தவறான விடை தரும் தரவுத்தளத்தைக் கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி என்பதும் தெரிந்துவிடும்.

மென்பொருள் நொறுங்கி விழுந்தால் யாரும் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. விழுந்த சத்தமே சொல்லிவிடும். தவறான விடை அப்படிப்பட்டதில்லை. மேலே உள்ள வினவல் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல், வழக்கமான வேகத்தில் ஓடி முடிந்து, மூன்று எண்களைக் கொடுத்துவிட்டுப் போகிறது. வந்த மூன்றும் சரியானவைதான். வராத ஒன்றைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். லட்சம் வரிசைகள் உள்ள அட்டவணையில் அது நடந்தால் யார் கண்ணிலும் படாது. ஐந்து வரிசை என்றால் விரல்விட்டு எண்ணிவிடலாம். சிறிய அட்டவணையின் முதல் பயன் இதுதான்: விடை சரியா தவறா என்று பார்க்க இன்னொரு கணினி வேண்டாம், படிப்பவரின் கண்ணே போதும்.

ஆனால் கண்ணால் பார்த்து முடிவுசெய்ய, சரியான விடை எது என்பதில் அறிக்கை எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கக் கூடாது. இங்கேதான் NULL வந்து வம்பு செய்கிறது. NULL என்றால் பூஜ்யமும் இல்லை, வெற்றுச் சொல்லும் இல்லை. இந்த இடத்தில் மதிப்பு தெரியவில்லை என்பதற்கான அடையாளம். தெரியாத ஒன்றை 1-உடன் ஒப்பிட்டு, சமமா இல்லையா என்று `<>` குறியால் கேட்டால், உண்மை என்றோ பொய் என்றோ பதில் வராது. தெரியாது என்றுதான் வரும், அதாவது மறுபடியும் NULL. `WHERE` நிபந்தனையில் உண்மை என்று தேறிய வரிசைகளுக்கு மட்டுமே அனுமதி. ஆகவே `c0 <> 1` என்று கேட்டிருந்தால் NULL வரிசை வராமல் போவதுதான் சரியான நடத்தை.

`IS NOT` வேறு விதம். எஸ்க்யூலைட்டில் அது NULL-ஐயும் ஒரு மதிப்பாகவே எடுத்துக்கொண்டு, இவை இரண்டும் வேறானவையா என்று கேட்கிறது. பதில் எப்போதும் உண்மை அல்லது பொய். நடுவில் எதுவும் கிடையாது. NULL வேறு, 1 வேறு, ஆகவே உண்மை. அந்த வரிசை வந்தே தீர வேண்டும்.

தரவுத்தளக் குழுக்களுக்கு வரும் 'தவறான விடை' புகார்களில் இந்த வேறுபாட்டில் வழுக்கி விழுந்தவை நிறைய. `NOT IN` பட்டியலுக்குள் ஒரே ஒரு NULL புகுந்துவிட்டால் முழு வினவலும் வெறுங்கையோடு திரும்பும். பார்ப்பவருக்கு அது அநியாயமாகத் தோன்றும்; மொழியின் விதிப்படி அது சரி. அதனால்தான் அறிக்கையில் 'விடை தப்பாக வருகிறது' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த வரிசை வரவில்லை, எந்த விதிப்படி அது வந்திருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். 'NULL IS NOT 1 என்பது உண்மை. ஆகவே ஐந்தாவதாகச் செருகிய வரிசை விடையில் இருக்க வேண்டும்.' குழுவினர் மறுப்பதானால் அந்த வாக்கியத்தை மறுக்கட்டும். மறுக்க முடியாதென்றால் பிழை உறுதியாகிவிட்டது.

இனி அந்த வரிசை எங்கே போனது என்று பார்ப்போம். பகுதி இண்டெக்ஸ் என்பது அட்டவணையின் எல்லா வரிசைகளையும் குறித்து வைக்காமல், ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவற்றை மட்டும் குறித்து வைப்பது. ஒரு சங்கத்தில் தொலைபேசி எண் கொடுத்த உறுப்பினர்களுக்கு மட்டும் தனிக் குறிப்பேடு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட எண்ணை உடைய உறுப்பினர் யார் என்று கேட்டால் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால் போதும்; எண்ணே கொடுக்காதவர் விடையாக இருக்க முடியாது. ஆனால் அந்த எண் இல்லாத உறுப்பினர்கள் எல்லாரையும் சொல்லுங்கள் என்றால் கதை மாறிவிடும். எண்ணே கொடுக்காதவர்களும் அந்தக் கணக்கில் வருவார்கள். குறிப்பேட்டை மட்டும் பார்த்துப் பதில் சொல்லும் எழுத்தர் அவர்களை விட்டுவிடுவார்.

எஸ்க்யூலைட்டின் திட்டமிடும் பகுதி செய்தது இதைத்தான். ஒரு வினவல் வந்தவுடன் எந்த வழியில் போனால் விரைவாக முடியும் என்று முடிவெடுப்பது அதன் வேலை. i0 இண்டெக்ஸில் NULL வரிசைகள் இல்லை என்பது அதற்குத் தெரியும். வினவலின் நிபந்தனையை நிறைவேற்றும் எந்த வரிசையிலும் c0 NULL ஆக இருக்க முடியாது என்று நிரூபணமானால் மட்டுமே அந்த இண்டெக்ஸைத் தொடலாம். `=`, `<`, `<>` போன்ற ஒப்பீடுகளுக்கு அந்த நிரூபணம் செல்லும். `IS NOT 1` என்பதையும் அதே வகையில் சேர்த்து, c0 NULL ஆக இருக்க முடியாது என்று அது தவறாக முடிவுகட்டிவிட்டது. இண்டெக்ஸ் வழியே போனது. அங்கே இல்லாத வரிசை விடையிலும் இல்லாமல் போனது.

இப்போது இரண்டாவது வரியை மறுபடி பாருங்கள். `ON t0(1)` என்று இருக்கிறது. பத்தியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 1 என்ற மாறாத எண். நடைமுறையில் யாரும் இப்படி ஓர் இண்டெக்ஸ் போடமாட்டார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அறிக்கையைப் படிக்கும் நிரலருக்கு இந்த 1 ஒரு பெரிய தகவல். இண்டெக்ஸ் எதை வரிசைப்படுத்துகிறது என்பதற்கும் பிழைக்கும் சம்பந்தமில்லை. எல்லாக் குற்றமும் `WHERE c0 NOT NULL` என்ற வாலில்தான் இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. அதுபோலவே c0-வுக்கு வகை எதுவும் கொடுக்கவில்லை. எண்ணா, எழுத்தா என்ற வகைமாற்றக் குழப்பம் இங்கே காரணமில்லை என்று அதற்குப் பொருள். சுருக்கப்பட்ட எடுத்துக்காட்டில் இல்லாமல் போன ஒவ்வொன்றும், சந்தேகப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒன்று.

ரிக்கரும் சூவும் இதைக் கண்டுபிடித்த முறையும் இதே தர்க்கத்தில் நடப்பதுதான். அவர்களின் கருவி, சீரற்ற முறையில் ஓர் அட்டவணையை உண்டாக்கி, அதில் ஒரே ஒரு வரிசையை அச்சாக எடுத்துக்கொள்ளும். அந்த வரிசைக்கு உண்மையாகும்படி ஒரு நிபந்தனையைத் தானே கட்டும். பிறகு தரவுத்தளத்திடம் கேட்கும். விடையில் அந்த வரிசை இருக்கிறதா, இல்லையா? முழு விடையும் என்னவாக இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஒரு வரிசையின் தலைவிதி தெரிந்தால் போதும். இந்த முறையால் எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் மூன்றிலும் சேர்த்து 121 பிழைகளைக் கண்டதாக அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் 96 உறுதிசெய்யப்பட்டோ திருத்தப்பட்டோ விட்டன. 61 தவறான விடை வகையைச் சேர்ந்தவை.

கருவி இல்லாதவர்கள் என்ன செய்வது? பெரிய அட்டவணையிலிருந்து நான்கு வரிக்கு வந்து சேரும் பாதையை ஒரு கற்பனைக் கடையை வைத்துப் பார்க்கலாம். `orders` என்று ஓர் அட்டவணை. இருபது பத்திகள், மூன்று லட்சம் வரிசைகள். பொருளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவரின் எண் `agent_id` பத்தியில் இருக்கும். கடைக்கே வந்து வாங்கிப் போனவர்களுக்கு அது NULL. 7-ஆம் எண் ஊழியரின் கணக்கைத் தவிர்த்து மாத விற்பனையை எடுக்க, வாடிக்கையாளர் அட்டவணையோடு இணைத்து, தேதியால் வடிகட்டி, வரிசைப்படுத்தி ஒரு நீண்ட வினவல் ஓடுகிறது. கூட்டுத்தொகை கல்லாப்பெட்டியோடு ஒத்துப்போகவில்லை.

முதல் வேலை, தரவுத்தளத்தின் ஒரு நகலை எடுத்துத் தனியே வைப்பது. புதிய விற்பனைகள் சேர்ந்துகொண்டே இருந்தால் விடையும் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்து, வந்திருக்க வேண்டிய ஒரே ஒரு வரிசையைக் கண்டுபிடிப்பது. கடைக்கு வந்து வாங்கிய ஒரு பில்லின் எண் 48213 என்று வைத்துக்கொள்வோம். நீண்ட வினவலில் அது இல்லை. இப்போது அந்த வரிசையிடம் நேராகக் கேட்கலாம்:

```sql
SELECT agent_id IS NOT 7 FROM orders WHERE id = 48213;
```

1 என்று பதில் வந்தால், அந்த வரிசைக்கு நிபந்தனை உண்மை என்று தரவுத்தளமே ஒப்புக்கொள்கிறது. அதே தரவுத்தளம் அதே நிபந்தனையை வைத்து அதே வரிசையை விலக்கிவிட்டது. தேதியும் இணைப்பும் அந்தப் பில்லுக்குப் பொருந்துகின்றனவா என்றும் இதேபோல் பார்த்துவிட்டால், தவறு நம் கணக்கில் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

பிறகு கழிக்கத் தொடங்க வேண்டும். வரிசைப்படுத்துவதை நீக்குங்கள், 48213 இன்னும் காணவில்லையா? நல்லது, அது வேண்டாம். வாடிக்கையாளர் இணைப்பை நீக்குங்கள், தேதியை நீக்குங்கள். வரிசைகளில் பாதியை அழியுங்கள். பிறகு மீதியில் பாதி. பத்திகளை ஒவ்வொன்றாகக் கழியுங்கள். எதையாவது நீக்கியவுடன் 48213 திரும்பி வந்துவிட்டால், நீக்கியதைப் பழையபடி வைத்துவிட்டு வேறொன்றைத் தொடுங்கள். இண்டெக்ஸ்களிலும் அப்படியே. `WHERE agent_id IS NOT NULL` என்ற வாலுள்ள இண்டெக்ஸை நீக்கிய கணத்தில் வரிசை திரும்பி வரும். அது மட்டும் இருக்கட்டும், மற்றவை போகட்டும். கடைசியில் பெயர்களை t0, c0 என்றும் எண்களை 0, 1, 2 என்றும் மாற்றிவிட்டால் வாடிக்கையாளர் விவரம் எதுவும் வெளியே போகாது. உண்மையான தரவை வெளிக்குழுவுக்கு அனுப்ப நிறுவனம் சம்மதிக்காது என்ற தலைவலியும் இத்தோடு தீர்ந்தது.

கழிக்கும்போது இரண்டு குழிகள் உண்டு. முதலாவது மிகவும் தந்திரமானது. `IS NOT` கொஞ்சம் அரிதான வடிவம். எல்லாருக்கும் புரியட்டுமே என்று யாராவது அதை `<>` என்று மாற்றி எழுதிவிடலாம். ஓட்டிப் பார்த்தால் NULL வரிசை அப்போதும் காணாமல்தான் இருக்கும். அறிகுறி மாறவில்லை, ஆகவே பிழையும் அதேதான் என்று தோன்றும். உண்மையில் பிழை ஏற்கெனவே கைநழுவிப் போய்விட்டது. இப்போது காணாமல் போவது விதிப்படியான காணாமல் போதல். அந்த வடிவில் அறிக்கை போனால், 'இது பிழை இல்லை' என்ற பதிலோடு மூடப்பட்டுவிடும். மூடியவர்மேல் குற்றமும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கழித்தலுக்குப் பிறகும் விடையில் வரிசை இல்லை என்பதோடு, அது இருந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

இரண்டாவது குழி, அட்டவணை சிறுத்ததும் தரவுத்தளம் வழியை மாற்றிக்கொள்வது. போஸ்ட்கிரெஸ் ஐந்து வரிசை உள்ள அட்டவணைக்கு இண்டெக்ஸைப் பார்க்கும் சிரமத்தை எடுத்துக்கொள்ளாது; நேராக முழுவதையும் படித்துவிடும். பிழை இண்டெக்ஸ் வழியில் இருந்தால் அது மறைந்துவிடும். அங்கே `SET enable_seqscan = off;` என்று போட்டு, முழுதாகப் படிக்கும் வழியைத் தவிர்க்கச் சொல்லிவிட்டுச் சோதிக்கலாம். அந்த வரியும் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் அறிக்கையையே கெடுக்கக்கூடியது. எஸ்க்யூலைட்டின் கட்டளைத் திரையில் NULL என்பது வெற்று வரியாகத்தான் காட்டப்படும். வரவேண்டிய நான்கு வரிசைகளையும் அங்கிருந்து நகலெடுத்து ஒட்டினால் 0, 2, 3, அதன் கீழே ஒன்றுமில்லை. வரவேண்டியதும் வந்ததும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும்! ஓட்டுவதற்கு முன் `.nullvalue NULL` என்று ஒரு வரி கொடுத்துவிட்டால் அந்தச் சொல் திரையில் தெரியும். திரைப்பிடிப்பை ஒட்டி அனுப்பும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காக நான் வெறுக்கிறேன். படத்தில் 1 என்று தெரிவது எண்ணா, மேற்கோளுக்குள் இருந்த எழுத்தா என்று சொல்ல முடியாது. வகை கொடுக்காத c0 பத்தியில் `'1'` என்ற எழுத்து, 1 என்ற எண்ணிலிருந்து வேறானது. `IS NOT 1` அதையும் உண்மை என்றே சொல்லும். ஒட்டி ஓட்டக்கூடிய `INSERT` வரியில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

அட்டவணை தயாரானபின், சாட்சிகளாக இரண்டு வினவல்களைச் சேர்க்கலாம்:

```sql
SELECT c0 FROM t0 NOT INDEXED WHERE c0 IS NOT 1;
SELECT SUM(c0 IS NOT 1) FROM t0;
```

முதலாவது, இண்டெக்ஸைத் தொடாதே என்று எஸ்க்யூலைட்டுக்குச் சொல்கிறது. நான்கு வரிசைகளும் வருகின்றன. இரண்டாவது, ரிக்கரும் சூவும் வேறொரு கட்டுரையில் விளக்கிய உத்தி. நிபந்தனையை `WHERE`-இலிருந்து எடுத்து, கணக்குப் பார்க்கும் இடத்தில் வைத்துவிடுகிறோம். வடிகட்ட எதுவும் இல்லாததால் திட்டமிடும் பகுதிக்குக் குறுக்கு வழி தேட வாய்ப்பே கிடைக்காது. ஐந்து வரிசைகளையும் ஒவ்வொன்றாக மதிப்பிட்டே ஆக வேண்டும். 0-க்கு 1, 1-க்கு 0, பிறகு மூன்று ஒன்றுகள், கூட்டினால் 4. அசல் வினவல் கொடுத்ததோ மூன்று வரிசைகள். ஒரே நிபந்தனைக்கு ஒரே தரவுத்தளம் இரண்டு எண்ணிக்கை சொல்கிறது. NULL பற்றிய விதியை எழுதியவரும் படிப்பவரும் எப்படிப் புரிந்துகொண்டிருந்தாலும், இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க முடியாது. அதனால்தான் இந்தச் சாட்சி, கையேட்டை மேற்கோள் காட்டி வாதாடுவதைவிட வலுவானது.

ஆக, அறிக்கை இவ்வளவுதான். தலைப்பு: 'பகுதி இண்டெக்ஸ் இருக்கும்போது IS NOT நிபந்தனை NULL வரிசையை விட்டுவிடுகிறது.' அதன்கீழ் பதிப்பு எண், நான்கு வரிகள், வரவேண்டியது, வந்தது, ஏன் வரவேண்டும் என்ற ஒரு வாக்கியம், இரண்டு சாட்சிகள். `EXPLAIN QUERY PLAN` என்று முன்னால் சேர்த்து வினவலை ஓட்டினால் அது எந்த வழியில் போகிறது என்று தெரியும். அதில் i0 பெயர் தென்பட்டால் அந்த வரியையும் ஒட்டிவிடலாம். பிழையின் காரணத்தைப் பற்றிய நம் ஊகத்தைக் கடைசியில், ஊகம் என்று சொல்லியே எழுத வேண்டும். தலைப்பிலேயே ஊகத்தை வைத்து, அது தவறாகவும் போய்விட்டால், படிப்பவர் தவறான கோப்பைத் திறந்து அரைநாளைத் தொலைப்பார்.

குழுவின் கைக்குப் போனதும் இந்த நான்கு வரிகள் ஏறக்குறைய அப்படியே சோதனையாக மாறிவிடும். எஸ்க்யூலைட்டின் சோதனைகள் டிக்கிள் மொழியில் எழுதப்பட்டவை. வினவல் ஓர் அடைப்புக்குள், வரவேண்டிய விடை இன்னோர் அடைப்புக்குள். நம் எடுத்துக்காட்டுக்கு அந்த இரண்டாவது அடைப்பில் `0 2 3 {}` என்று இருந்தால் போதும். `{}` என்பது NULL. பழைய பதிப்புகளில் எப்போது இது நுழைந்தது என்று தேடுவதற்கும் அதே வரிகள் உதவும், ஒரு எச்சரிக்கையோடு. பத்தியின் பெயருக்குப் பதில் ஒரு கோவையை வைத்து இண்டெக்ஸ் போடும் வசதி 2015-இல், 3.9.0 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் `ON t0(1)` பிழைச் செய்தி கொடுத்து நின்றுவிடும். இண்டெக்ஸே உருவாகாததால் கடைசி வினவல் சரியான விடையைத் தரும். தானாகத் தேடும் நிரல் இதைப் பார்த்து, பிழை 2015-இல் வந்தது என்று அறிவித்துவிடும். 2013 என்ற சரியான ஆண்டை எட்ட, இண்டெக்ஸை முதலில் `ON t0(c0)` போன்ற பழைய வடிவில் மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும். அந்த வடிவிலும் பிழை தெரிகிறதா என்பதைப் புதிய பதிப்பில் ஒருமுறை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே பின்னோக்கிப் போக வேண்டும்.

எல்லாப் பிழையும் ஐந்து வரிசைக்குச் சுருங்காது. நினைவகம் போதாமல் தரவு வட்டுக்கு வழியும்போது மட்டும் வருபவையும், பல செயலிகளுக்கு வேலை பிரிக்கப்படும்போது மட்டும் வருபவையும் பெரிய அட்டவணையைக் கேட்கும். அப்போதும் கோப்பை இணைத்து அனுப்புவதைவிட, வரிசைகளை உண்டாக்கும் விதியை அனுப்புவது நல்லது. போஸ்ட்கிரெஸில் பத்து லட்சம் வரிசைகளுக்கு ஒரு கட்டளை போதும்:

```sql
CREATE TABLE t0 AS
  SELECT i AS id, NULLIF(i % 5, 4) AS c0
  FROM generate_series(1, 1000000) AS g(i);
```

ஐந்தில் ஒரு வரிசை NULL. மொத்தம் இரண்டு லட்சம். `c0`-வில் 1 இருக்கும் வரிசைகளும் இரண்டு லட்சம். போஸ்ட்கிரெஸில் `IS NOT 1` என்று எண்ணோடு எழுத முடியாது; அங்கே அதற்கு `IS DISTINCT FROM 1` என்று எழுத வேண்டும். அந்த நிபந்தனைக்கு எட்டு லட்சம் வரிசைகள் வந்தாக வேண்டும். ஆறு லட்சம் வந்தால் NULL வரிசைகள் மொத்தமாகப் போய்விட்டன என்று அர்த்தம். இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் எண் வந்தால், காணாமல் போனவற்றின் `id`-களை எடுத்துப் பார்த்து, அவை எந்த இடத்திலிருந்து தொடங்குகின்றன என்று தேட ஆரம்பிக்கலாம்.